சிவன் நீல நிறமா?

நாட்காட்டிப் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் சிவபெருமான் உடல் முழுக்க நீலமாக வருகிறார். தேவாரம் பாடிய மூவர் கண்ட சிவன் வேறு. செந்நிற மேனி, அதன்மேல் வெண்ணீறு. பாற்கடலில் எழுந்த ஆலகால நஞ்சை உண்டதால் கண்டம் மட்டும்தான் கறுத்தது. உலகைக் காக்க விழுங்கிய நஞ்சின் அடையாளம் அது. உடல் முழுவதும் அதே நிறத்தைப் பூசிவிட்டால் அந்தத் தழும்பே தெரியாமல் போய்விடும். இது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

முழு மேனியும் கருநிறம் என்பது திருமாலுக்கு உரியது. குறிஞ்சிக்குச் சிவந்த சேயோன், முல்லைக்குக் கரிய மாயோன் என்று தொல்காப்பியம் காட்டும் தெய்வங்களிலேயே நிறம் தெரிகிறது. முல்லை நிலத்து ஆயர்களுக்கு மழை பெய்தால்தான் புல், புல் இருந்தால்தான் பால். நீர் சுமந்த கார்மேகத்தின் நிறத்தை அவர்கள் தெய்வத்துக்கு ஏற்றிப் பார்த்ததில் வியப்பில்லை. அங்கே கருமை என்பது கொடையின் நிறம்.

ஓவியருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. முகத்தை முழுக் கறுப்பில் தீட்டினால் புருவமும் விழியும் உதட்டுக் கோடும் மறைந்துவிடும். அதனால் கருமையை நீலமாகவோ பச்சையாகவோ இளக்கினார்கள். கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரில் உள்ள இராமாயண ஓவியங்களில் இராமன் பச்சை நிறத்தில் இருக்கிறான். அவுரி நீலத்தோடு ஒரு மரப்பிசினின் மஞ்சளைக் கலந்து கேரள ஓவியர்கள் அந்தப் பச்சையை எடுத்தார்கள். அவர்கள் மரபில் பச்சை சாத்துவிக குணத்தின் நிறமும்கூட. கையில் கிடைத்த வண்ணமும் மனத்தில் இருந்த பொருளும் அங்கே ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

பொன்னிறம் திருமகளுக்கு உரியது. செல்வமும் ஒளியும் அதன் பொருள். ஆனால் உற்சவர் திருமேனிகள் பொன்னாக மின்னுவதை அப்படிப் படிக்கக் கூடாது. அவற்றில் பெரும்பங்கு செம்பு. துலக்கினால் எந்தத் தெய்வமும் மின்னும். கருவறை மூலவரின் கருமையும் அப்படித்தான். புதிதாகச் செதுக்கிய கருங்கல் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். ஆண்டுக்கணக்கில் சாத்திய எண்ணெயும் விளக்குப் புகையும் ஏறித்தான் அது கறுக்கிறது. அதனால்தான் சிவந்தவன் என்று பாடப்படும் முருகனும் கருவறையில் கரியவனாக நிற்கிறான்.

எனவே உண்மையான நிறத்தைத் தேட வேண்டிய இடம் தியான சுலோகம். தெய்வத்தின் முகம், கைகள், ஆயுதங்களோடு மேனி நிறத்தையும் அது சொல்லும். குடமுழுக்குக்காகக் கோபுரத்துச் சுதை உருவங்களுக்கு வண்ணம் பூசும்போது, நாட்காட்டிப் படத்தை மாதிரியாக நீட்ட வேண்டாம். ஸ்தபதியையும் அர்ச்சகரையும் உட்கார வைத்து, எந்தத் தெய்வத்துக்கு என்ன நிறம் என்று கேட்டுவிட்டு வண்ண டப்பாவைத் திறக்கும்படி திருப்பணிக் குழுவினரை வேண்டிக்கொள்கிறேன்.