மேல்படிப்புக்கான பரிந்துரைக் கடிதம்: மேலாளர் எழுத வேண்டியது என்ன?

வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கும் இளம் பொறியாளர், மதிப்பெண் பட்டியல், பயோடேட்டா, நோக்க அறிக்கை மூன்றையும் தாமே தயார் செய்து அனுப்பிவிடலாம். பரிந்துரைக் கடிதம் மட்டும் அவர் கைக்கு வராமலேயே பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று கடிதங்கள் கேட்கப்படுகின்றன. இணைய விண்ணப்பத்தில் பரிந்துரைப்பவரின் பெயர், பதவி, மின்னஞ்சல் முகவரியை விண்ணப்பதாரர் கொடுத்ததும், பல்கலைக்கழகத்திலிருந்து அவருக்கு நேராக ஓர் இணைப்பு போகும். அதைத் திறந்து, கேள்விகளுக்குப் பதில் தந்து, கடிதத்தை அவரே பதிவேற்ற வேண்டும். அலுவலக மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பதே நல்லது. சொந்த ஜிமெயில் முகவரி கொடுத்தால், எழுதியவர் யார் என்ற சந்தேகம் எளிதில் எழும்.

வேலைக்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆனவருக்குக் கடிதங்கள் இரண்டு திசைகளிலிருந்து வருவது வழக்கம். கல்லூரிப் பேராசிரியர் படிப்பைப் பற்றிச் சொல்வார். அலுவலக மேலாளர் வேலையைப் பற்றிச் சொல்வார். மேலாளர் என்றதும் பலர் நிறுவனத்தின் பொது மேலாளரையோ இயக்குநரையோ தேடிப் போகிறார்கள். இது தவறான கணக்கு. விண்ணப்பதாரரை விழாவில் இருமுறை பார்த்த இயக்குநரைவிட, தினமும் அவர் வேலையைத் திருத்திய டீம் லீடரின் கடிதமே சேர்க்கைக் குழுவுக்குப் பயன்படும். கடிதம் எழுதுபவர் கண்ணால் பார்த்த சாட்சியாக இருக்க வேண்டும். மனிதவளத் துறை தரும் பணிச் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவிப் பெயர் ஆகியவற்றுக்கு மேல் அதில் எதுவும் இருக்காது.

கோவையில் தண்ணீர் பம்ப்புகளுக்கான கண்ட்ரோல் போர்டு செய்யும் ஒரு நிறுவனத்தையும், அங்கே இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு எம்பெடட் சிஸ்டம்ஸ் படிக்க விண்ணப்பிக்கும் ஓர் இளம் பொறியாளரையும் கற்பனை செய்துகொள்ளலாம். அவருக்கு மேலாளர் எழுதும் முதல் வரைவு அநேகமாக இப்படித்தான் இருக்கும்: ‘இவர் கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், குழுவோடு ஒத்துப்போவார், எந்த வேலையையும் குறித்த நேரத்தில் முடிப்பார்.’ இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் அந்த அலுவலகத்தில் உள்ள யாருக்கும் இது பொருந்தும். கடிதம் கடிதமாகப் படித்துத் தள்ளும் சேர்க்கைக் குழுவுக்கு இப்படிப்பட்ட வரிகளிலிருந்து எதுவும் கிடைக்காது.

அதே மேலாளர் ஒரு சம்பவத்தை எடுத்து விரித்து எழுதினால் நிலைமை மாறும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் சில போர்டுகள் தானாகவே ரீசெட் ஆவதாக வாடிக்கையாளர்களிடமிருந்து புகார் வந்தது. கோளாறு புரோகிராமில்தான் என்று குழுவில் எல்லோரும் நம்பி, அதையே திருத்திக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் ஆசிலாஸ்கோப்பை வைத்து மின்னழுத்தத்தை அளந்து பார்த்தார். காண்டாக்டர் இழுக்கும் நொடியில் 3.3 வோல்ட் சப்ளை சில மில்லிசெகண்டுகளுக்கு 2.5 வோல்ட் வரை இறங்கியது. 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் ரீசெட் ஆகும்படி அந்தச் சிப்பில் அமைக்கப்பட்டிருந்தது. காண்டாக்டர் காயிலுக்குத் தனிச் சப்ளை கொடுத்து, சிப்பின் அருகே ஒரு கெபாசிட்டரையும் சேர்த்ததும் கோளாறு நின்றது. அதோடு விடாமல், இனி ஒவ்வொரு புதிய போர்டிலும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று சோதனைப் படிவத்திலும் அவர் சேர்த்தார்.

இவ்வளவையும் ஒரே பத்தியில் சொல்லிவிடலாம். ‘புத்திசாலி’ என்ற சொல் எங்கும் வரத் தேவையில்லை. பிறர் ஊகத்தை அப்படியே ஏற்காமல் அளந்து பார்ப்பவர், காரணத்தைப் பிடித்ததும் தீர்வை நிரந்தரமாக்குபவர் என்பதைப் படிப்பவரே புரிந்துகொள்வார். முதுநிலைப் படிப்பில் ஆய்வகத்துக்குத் தேவைப்படும் குணமும் அதுதான். அவர் எழுதிய சோதனை அறிக்கை பிறருக்குத் தெளிவாகப் புரிந்ததா, டேட்டாஷீட்டைத் தாமே படித்துப் புரிந்துகொண்டாரா என்று இன்னும் இரண்டு வரிகள் சேர்த்தால், அலுவலக வேலை படிப்போடு இணைந்துவிடும். வாடிக்கையாளரின் பெயர், விலை, இன்னும் சந்தைக்கு வராத பொருளின் விவரம் ஆகியவற்றை மட்டும் விட்டுவிட வேண்டும்.

ஒப்பீடும் முக்கியம். பல பல்கலைக்கழகங்களின் படிவத்தில், இவர் தம் நிலையில் உள்ளவர்களிடையே முதல் 5 சதவீதத்தில் வருகிறாரா, 10 சதவீதத்திலா, 25 சதவீதத்திலா என்று குறிக்கச் சொல்லும் கட்டங்கள் உண்டு. எல்லாவற்றிலும் உச்சக் கட்டத்தை டிக் செய்துவிடுவது நம் ஊர்ப் பெரிய மனசு. ஆனால் கடிதம் சாதாரணமாக இருந்து கட்டங்கள் மட்டும் உச்சத்தில் நின்றால், இரண்டுமே நம்பிக்கை இழக்கும். யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். ‘கடந்த 6 ஆண்டுகளில் என்னிடம் வேலை பார்த்த 15 புதிய பொறியாளர்களில் முதல் இருவரில் ஒருவர்’ என்ற வரிக்கு, ‘மிகச் சிறந்தவர்’ என்பதைவிடப் பல மடங்கு எடை உண்டு. குறை ஒன்றைக் கேட்டால் உண்மையான ஒன்றைச் சொல்லலாம். தொடக்கத்தில் கூட்டங்களில் பேசத் தயங்கினார், இப்போது வடிவமைப்பு ஆய்வுக் கூட்டத்தை அவரே நடத்துகிறார் என்பது போல, திருத்திக்கொண்ட குறை விண்ணப்பத்தைக் கெடுக்காது.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். “நீங்களே எழுதிட்டு வாங்க தம்பி, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்று சொல்லும் மேலாளர்களும் பேராசிரியர்களும் ஏராளம். கடிதத்தைப் பரிந்துரைப்பவரே எழுத வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன. மீறினால் விண்ணப்பமே தள்ளுபடியாகலாம். கண்டுபிடிப்பதும் கடினமல்ல. மூன்று கடிதங்களிலும் ஒரே நடை இருக்கும். நோக்க அறிக்கையில் வந்த சொற்றொடர் கடிதத்திலும் வரும். மேலாளருக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத முதலாண்டு மதிப்பெண் அவர் கடிதத்தில் இடம்பெற்றிருக்கும். எழுத நேரமில்லை என்று சொல்பவரிடம் செய்த வேலைகளின் குறிப்பு, பயோடேட்டா, நோக்க அறிக்கை, கெடு தேதிகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தொகுத்துக் கொடுக்கலாம். அதைப் பார்த்து அவர் தம் சொற்களில் எழுதுவதில் தவறில்லை.

அமெரிக்க விண்ணப்பங்களில் இன்னொரு கேள்வி பலரைக் குழப்புகிறது: கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா? மாணவர் தம் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை அங்கே 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தருகிறது. சேர்ந்த பிறகு கடிதத்தைக் கேட்டுப் பார்க்கலாம் என்பதே இதன் பொருள். உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் விட்டுக்கொடுப்பதே நல்லது, ஏனெனில் விண்ணப்பதாரர் பார்க்க மாட்டார் என்று தெரிந்து எழுதிய கடிதத்தையே குழு மனந்திறந்த கருத்தாக எடுத்துக்கொள்ளும்.

செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு அமெரிக்காவில் பல துறைகளின் கெடு டிசம்பரிலோ ஜனவரியிலோ வரும். குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கேட்டவர் தயங்கினால் வற்புறுத்தாமல் வேறு ஒருவரிடம் போவதே மேல். அரைமனதுக் கடிதம் கடிதம் இல்லாததைவிட மோசம். பல்கலைக்கழகம் அனுப்பிய மின்னஞ்சல் ஸ்பாமில் விழுந்து கிடக்கவும் கூடும் என்பதால், கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து, கடிதம் வந்து சேர்ந்ததாகக் காட்டுகிறதா என்று ஒவ்வொரு கடிதத்தையும் பார்த்துவிடுங்கள். ஒன்று வராமல் போனாலும் பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தை முழுமையடையாததாகவே வைத்திருக்கும்.