படிவம் பாதியில் நிற்பது எங்கே?

இணையத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்கு ஆயிரம் பேர் பதிவு செய்யத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர், முகவரிப் பக்கத்தை 920 பேர் கடக்கிறார்கள். கைபேசிக்கு வரும் ஓடிபியை உள்ளிட்டு 850 பேர் மேலே போகிறார்கள். புகைப்படம் ஏற்றும் பக்கத்தைத் தாண்டுவதோ 470 பேர்தான். பதிவை முடிப்பவர்கள் 440 பேர்.

ஒவ்வொரு படியிலும் நுழைந்தவர்களில் எத்தனை பேர் வெளியேறினார்கள் என்று பார்க்க வேண்டும். மற்ற படிகளில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட விலகவில்லை. புகைப்படப் பக்கத்தில் சுமார் 45 பேர் விலகுகிறார்கள். முதலில் சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான்.

எண்ணிக்கை இடத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. அதற்கு அந்தப் பக்கத்தில் தோன்றிய பிழைச் செய்திகளைக் கைபேசி, கணினி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பது விதியானால், பிழைகள் கைபேசியில்தான் குவிந்திருக்கும். கைபேசியில் எடுக்கும் படம் பெரும்பாலும் சில எம்பி இருக்கும்; அதைச் சுருக்கப் பலருக்குத் தெரியாது.

படத்தைத் தளமே சுருக்கிக்கொள்வதுதான் தீர்வு. ஆனால் மாற்றத்தை எல்லோருக்கும் உடனே திறந்துவிடக் கூடாது. வருபவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குப் பழைய பக்கத்தையும் மீதிப் பேருக்குப் புதியதையும் ஒரே நாட்களில் காட்ட வேண்டும். பதிவை முழுதாக முடித்தவர்களை ஒப்பிட வேண்டும். படத்தைத் தாண்டியவர்கள் அடுத்த பக்கத்தில் விலகினால் பயனில்லை.