மொத்தமா வாங்கலாமா, மாசாமாசம் வாங்கலாமா?

பி.காம். படித்தவன் தெருவில் ஒருத்தன் இருந்தால் போதும், ரிடையர் ஆகிறவர்கள் எல்லாரும் அவன் வீட்டு வாசலில்தான் செருப்பைக் கழற்றுவார்கள். எங்கள் வேலப்பன்சாவடியில் அந்தப் பாக்கியம் எனக்கு. போன மாசம் வந்தவர் பக்கத்து வீட்டு சார். ஆவடி டாங்கி ஃபாக்டரியில் முப்பத்தைந்து வருஷ சர்வீஸ்.

"தம்பி, பென்ஷன்ல நாப்பது பர்சென்ட்டை கம்யூட் பண்ணிக்கலாம்கறான். பண்ணட்டுமா?"

2004-க்கு முன் மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கு உள்ள வசதி இது. அடிப்படைப் பென்ஷனில் 40 சதவீதம் வரை அரசிடமே விற்று, மொத்தமாகப் பணம் வாங்கலாம். விற்ற பகுதி பதினைந்து வருஷம் பிடிபடும், அப்புறம் திரும்பக் கிடைக்கும். முன்பெல்லாம் விற்றது விற்றதுதான், ஆயுசுக்கும் போச்சு. 'காமன் காஸ்' என்ற அமைப்பு வழக்குப் போட்டு, 1986-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகுதான் இந்தப் பதினைந்து வருஷக் கணக்கு.

சாருக்கு அடிப்படைப் பென்ஷன் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 சதவீதம் 12,000. அறுபதில் ரிடையர் ஆனவருக்கு அட்டவணையில் உள்ள எண் 8.194. பன்னிரண்டாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, அதை 8.194-ஆல் பெருக்கினால் 11,79,936 ரூபாய். சாருக்குக் கண் விரிந்துவிட்டது. அதற்குப் பதிலாக 180 மாசத்தில் பிடிபடுவது 21,60,000 என்றதும் கண் சுருங்கிவிட்டது.

இரண்டு உணர்ச்சியும் தப்பு சார். இன்றைய ரூபாயையும் பதினைந்து வருஷம் கழித்து வரும் ரூபாயையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. இதை ஒரு கடன் என்று நினையுங்கள். அரசு உங்களுக்குப் பதினொன்றே முக்கால் லட்சம் சொச்சம் கொடுக்கிறது. நீங்கள் மாசம் 12,000 தவணை, 180 மாசம் கட்டுகிறீர்கள். வட்டி என்ன? அதுதான் சமன் வட்டி. கம்ப்யூட்டர் உள்ள பையனிடம் சொன்னால் ஒரு வரியில் முடிந்துவிடும்:

```
=RATE(180,-12000,1179936)*12
```

விடை 9.05 சதவீதம். (அட்டவணை போட்டது 8 சதவீத வட்டியில். அந்த வட்டிக்குப் பதினைந்து வருஷத் தவணை மட்டும் என்றால் 8.72 கொடுத்திருக்க வேண்டும். நடுவில் போய்ச் சேருகிறவர்களின் செலவையும் கணக்கில் சேர்த்ததால் 8.194 ஆகிவிட்டது.) அகவிலைப்படியைப் பற்றிக் கவலை வேண்டாம். அது கம்யூட் செய்யாத முழுப் பென்ஷனுக்கும்தான் வரும்.

இனி கேள்வி ஒன்றே ஒன்று: வாங்கிய பணத்தை 9.05-க்கு மேல் வேலை வாங்க முடியுமா? சாரின் திட்டம் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்பு. அதில் 2023 ஏப்ரலில் வந்த வட்டி 8.2. அந்த வட்டியில் மாசம் ஏறக்குறைய 8,060 வரும். குறைந்துபோன 12,000-ஐ ஈடுகட்ட மீதியை அசலிலிருந்து எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் பதினாலாவது வருஷம் முடிவதற்குள் பாஸ்புக் காலி. பிடித்தமோ இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடும். ஆக, டெபாசிட்டில் போடத்தான் என்றால் கம்யூட் செய்யாமலே இருக்கலாம்.

"நடுவுல நான் போயிட்டா?" என்றார். உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா முறைத்தது வாசல் வரை தெரிந்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. ஆள் போய்விட்டால் பிடித்தமும் நின்றுவிடும். குடும்பப் பென்ஷனில் கை வைக்க மாட்டார்கள். எட்டு வருஷம் இரண்டு மாசம் வரை பிடிபடுவது வாங்கிய அசலுக்குக்கூடச் சரியாக வராது. பத்து வருஷம் இருந்தால் வட்டி 4 சதவீதம்தான், பன்னிரண்டு இருந்தால் 6.8. உடம்பு சரியில்லாதவருக்கு இது மலிவான கடன். அதனால் சுகர், பிரஷரைச் சேர்க்காமல் இந்தக் கணக்கைப் போடக்கூடாது.

வருமான வரியும் ஆட்டத்தை மாற்றும். அரசு ஊழியருக்குக் கம்யூட் தொகைக்கு வரி கிடையாது, மாசப் பென்ஷனுக்கு உண்டு. செஸ் சேர்த்து 20.8 சதவீதம் வரி கட்டுகிறவர் உண்மையில் இழப்பது 12,000 அல்ல, 9,504. அவருக்குச் சமன் வட்டி 5.3-க்கு இறங்கிவிடும். அவர் தாராளமாக விற்கலாம். சாரின் வருமானத்துக்கு வரியே வராது, அதனால் 9.05 அப்படியே நிற்கும்.

கடைசியாகத்தான் சார் வாயைத் திறந்தார். மாடி போர்ஷன் கட்டியதில் 13 சதவீத வட்டிக்கு நாலு லட்சம் பர்சனல் லோன் பாக்கியாம். அதை முதலில் சொல்லியிருக்கலாம்! பதிமூன்றை அடைக்க ஒன்பதில் வாங்குவது லாபம்தானே. முழு நாற்பதும் விற்கவேண்டும் என்று சட்டமில்லை. 14 சதவீதம், அதாவது 4,200 ரூபாய் மட்டும் விற்றால் 4,12,978 வரும், லோன் அடைந்துவிடும். மீதி 25,800 மாசாமாசம் வந்துகொண்டிருக்கும். ரிடையர் ஆகி ஒரு வருஷத்துக்குள் மனு கொடுத்தால் டாக்டர் பரிசோதனையும் இல்லை. தாமதித்து அடுத்த வயசுக்குப் போனால் 8.194 என்பது 8.093 ஆகிவிடும். ஃபாரத்தில் 14 என்று நானே எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து மட்டும் சார் போட்டார்.