சாப்பிட்ட பிறகும் சர்க்கரை இறங்குமா?

பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். வயிறு நிறையச் சாப்பிட்ட சிலருக்கு, அந்தச் சாப்பாட்டின் விளைவாகவே இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் சர்க்கரை இறங்கிவிடுவதும் உண்டு. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் இது வரும். மருத்துவர்கள் இதை ‘ரியாக்டிவ் ஹைப்போகிளைசீமியா’ என்கிறார்கள்.

நாற்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை எட்டரை மணிக்குப் பூரி, கேசரி, சர்க்கரை தூக்கலாக ஒரு காபி. பதினொன்றரை மணிக்குக் கை நடுங்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, அகோரப் பசி எடுக்கிறது. இனிப்பான டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டால் கால் மணி நேரத்தில் சரியாகிறது. மதியம் மூன்று மணிக்கு அதே தொல்லை மறுபடியும் வருகிறது.

அவர் உடலுக்குள் நடப்பது இதுதான். மைதாவும் ரவையும் சர்க்கரையும் சீக்கிரம் செரித்து, ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுகின்றன. உணவு உள்ளே போன சில நிமிடங்களிலேயே கணையம் இன்சுலினைச் சுரக்கத் தொடங்க வேண்டும். அந்த முதல் சுரப்பு பலவீனமாக இருந்தால் சர்க்கரை இன்னும் உயரே போகிறது. அதைச் சமாளிக்கக் கணையம் தாமதமாக, ஆனால் அளவுக்கு மீறி இன்சுலினைக் கொட்டுகிறது. அந்த இன்சுலின் முழு வேகத்தில் வேலை செய்யும்போது குடலிலிருந்து வரும் சர்க்கரை வற்றிவிட்டிருக்கும். ரத்தச் சர்க்கரை தேவைக்குக் கீழே சரிகிறது. உடனே உடல் அட்ரினலினை அனுப்புகிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அதன் வேலை.

முதல் சுரப்பு பலவீனமாவது, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்களிடம் அடிக்கடி காணப்படுவது. அதனால் இப்படி நடுக்கம் வருபவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் அது அந்த முந்தைய நிலை. உடல் பருமனுக்காக இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் காரணம் வேறு. உணவு வேகமாகச் சிறுகுடலுக்குள் இறங்குவதால் அவர்களுக்கும் இன்சுலின் மிகுதியாகச் சுரக்கிறது. பெரும்பாலும் அறுவை முடிந்து ஓராண்டுக்குப் பிறகு இது தலைகாட்டும்.

ஆனால் நடுக்கம் வந்தாலே ‘லோ சுகர்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதே அறிகுறிகள் இருக்கும் பலருக்கு, அந்த நேரத்தில் சோதித்துப் பார்த்தால் சர்க்கரை சரியான அளவில் இருக்கிறது. பதற்றம், தைராய்டு மிகைச் சுரப்பு, அதிகக் காபி ஆகியவையும் இதே போலப் படுத்தும். ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1930களில் வகுத்த மூன்று நிபந்தனைகளைத்தான் மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள்: அறிகுறி இருக்க வேண்டும், அதே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்க வேண்டும், சர்க்கரை ஏறியதும் அறிகுறி மறைய வேண்டும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே போனால்தான் அதைக் குறைவு என்று கணக்கில் எடுப்பார்கள்.

எனவே காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. குளுக்கோஸ் கரைசல் குடிக்கவைத்துச் செய்யும் சோதனையும் இதற்கு ஏற்றதல்ல. எந்தக் குறையும் இல்லாதவர்களில் சிலருக்கும் அதில் சர்க்கரை 50க்குக் கீழே இறங்கும். வழக்கமான உணவைப் போன்ற கலவை உணவைக் கொடுத்து, ஐந்து மணி நேரம் வரை அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பதே பொருத்தமான முறை. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நடுக்கம் வரும் நேரத்தில், டீ குடிப்பதற்கு முன்பே பார்த்துக் குறித்துவைக்கலாம். அந்தக் கருவியில் 15 சதவீதம் வரை பிழை வரலாம் என்பதால், அது குறைவாகக் காட்டினால் ஆய்வகத்தில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

சர்க்கரை உண்மையிலேயே குறைந்திருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் கால் மணி நேரத்தில் தெளிவு வரும். அதோடு நிறுத்தினால் இனிப்பு மறுபடியும் இன்சுலினைத் தூண்டிவிடும். அதனால் கொஞ்சம் சுண்டலோ முட்டையோ நிலக்கடலையோ சாப்பிட வேண்டும். நாள்பட்ட தீர்வும் தட்டிலேயே இருக்கிறது. இனிப்பையும் மைதாவையும் குறைத்து, ஒவ்வொரு வேளையும் பயறு, காய், முட்டை, தயிர் ஆகியவற்றைச் சேர்த்து, ஒரேயடியாகச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு இந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். வெறும் வயிற்றில் மது அருந்துவதைத் தவிர்க்க வேண்டும்.

சாப்பிட்ட பிறகு அல்லாமல் விடியற்காலையிலோ வெறும் வயிற்றிலோ நடுக்கம் வந்தால், பேச்சு குழறினால், மயங்கி விழுந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காதீர்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி, வீட்டில் இன்னொருவரின் சர்க்கரை மாத்திரையைத் தவறுதலாக விழுங்கியது போன்ற காரணங்களை மருத்துவர்தான் கண்டுபிடிக்க முடியும். உடனே போய்ப் பாருங்கள்.