நீல வேளையில் சியாட்டில்: கட்டடங்களை நெருக்குவது லென்ஸ் அல்ல

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில், குவீன் ஆன் குன்றின் தெற்குச் சரிவில் கெரி பார்க் என்ற சின்னப் பூங்கா இருக்கிறது. 1927-இல் ஒரு குடும்பம் நகரத்துக்குக் கொடுத்த இடம். பொழுது சாய்ந்தால் அதன் கைப்பிடிச் சுவரோரம் ட்ரைபாடுகள் வரிசைகட்டி நிற்கும். எதிரே, 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ஸ்பேஸ் நீடில் கோபுரம். அதை ஒட்டினாற்போல, நகரத்தின் மிக உயரமான கட்டடமான கொலம்பியா சென்டர். வானம் தெளிந்திருந்தால் வலப்பக்கத்தில் பனி மூடிய ரெய்னியர் மலை. படங்களில் மூன்றும் அண்டை வீடுகள் மாதிரி தெரியும். உண்மையில் பூங்காவிலிருந்து நீடிலுக்குச் சுமார் 1.3 கிலோமீட்டர், கொலம்பியா சென்டருக்குச் சுமார் 3.5 கிலோமீட்டர், மலைக்கோ 97 கிலோமீட்டருக்கு மேல்.

'டெலி லென்ஸ் போட்டால் கட்டடங்கள் நெருங்கிவிடும்' என்று போட்டோகிராபர்கள் சொல்வது வழக்கம். ஆனால் நெருக்குவது லென்ஸ் அல்ல, நாம் நிற்கும் தூரம். அதே இடத்தில் நின்று சாதாரண லென்ஸில் ஒரு படம் எடுத்து, நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். கட்டடங்களின் அளவு விகிதம் டெலி லென்ஸ் படத்தில் இருந்தபடியேதான் இருக்கும், தெளிவுதான் குறையும். தூரத்தில் இருக்கும் சிறு பகுதியைத் தெளிவு கெடாமல் படம் முழுக்க நிரப்பித் தருவது மட்டும்தான் லென்ஸின் வேலை.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நீடிலின் உயரம் 184 மீட்டர். கொலம்பியா சென்டர் சுமார் 285 மீட்டர், அதாவது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். ஆனால் பூங்காவிலிருந்து பார்த்தால் நீடில்தான் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு உயரமாகத் தெரியும், ஏனென்றால் அது அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. அதே நேர்கோட்டில் பின்னால் போய், நீடிலிலிருந்து 4 கிலோமீட்டரில் நின்றால் இரண்டும் சம உயரம். 10 கிலோமீட்டருக்குப் போனால் கொலம்பியா சென்டர் கால் பங்கு ஓங்கித் தெரியும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இரண்டேகால் கிலோமீட்டர் இடைவெளி எங்கும் போய்விடவில்லை. நாம் தள்ளிப்போகப் போக, மொத்த தூரத்தில் அதன் பங்கு சிறுத்துப்போகிறது. கண்ணுக்கு அந்த வித்தியாசம் பிடிபடாதபோதுதான் கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிவைத்தது போலத் தெரிகின்றன.

அதனால் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது லென்ஸை அல்ல, நிற்கும் இடத்தை. இடம் முடிவானால் லென்ஸ் தானாக முடிவாகிவிடும். கெரி பார்க்கில் நீடிலையும் மலையையும் ஒரே படத்தில் அடக்க, ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 135 மி.மீ. போதும். மலையை விட்டுவிட்டு நீடிலையும் பின்னால் இருக்கும் கட்டடங்களையும் மட்டும் நெருக்கமாக எடுப்பதென்றால், கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பி 200 மி.மீ.

இனி வெளிச்சம். சூரியன் மறைந்த பின் வானம் ஆழ்ந்த நீலமாகும் அந்தக் கொஞ்ச நேரத்தை நீல வேளை என்கிறார்கள். பகல் வானம் நீலமாக இருப்பதற்குக் காரணம் காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பது. அந்திக்கும் அதுவே காரணம் என்றுதான் வெகுநாள் நினைத்தார்கள். ஆனால் சூரியன் அடிவானத்துக்குக் கீழே போன பின் அதன் ஒளி வளிமண்டலத்தின் வழியே மிக நீண்ட தூரம் சாய்வாக வருகிறது. சிதறல் மட்டும் வேலை செய்தால் உச்சி வானம் வெளிறி மஞ்சள் தட்ட வேண்டும். மேலே இருக்கும் ஓசோன் படலம் ஆரஞ்சு, மஞ்சள் நிற ஒளியை உறிஞ்சிக்கொள்வதால்தான் நீலம் மிஞ்சுகிறது என்று 1953-இல் எட்வர்ட் ஹல்பர்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் விளக்கினார்.

ஜன்னல் விளக்குகளின் வெளிச்சம் மாறுவதில்லை. வானத்தின் வெளிச்சம்தான் இறங்கிக்கொண்டே போகிறது. சியாட்டிலின் குளிர்கால அந்தியில் சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது பாதியாகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் இன்னும் வேகம். இரண்டும் சமமாகும் இடைவேளைதான் நமக்கு வேண்டியது. கேமரா திரையில் ஒரு ஜன்னலை மட்டும் பெரிதாக்கினால் அது தெரிந்துவிடும். முந்திவிட்டால் ஜன்னல் வெறும் வெளிறிய கட்டமாக இருக்கும். பிந்திவிட்டால் வானம் கறுத்துவிடும், ஜன்னல் வெள்ளைத் திட்டாக வெந்துபோகும். சரியான நேரத்தில் ஜன்னலுக்குள்ளே கூரை விளக்குகளின் வரிசையும் பாதி இறக்கிய திரையும்கூடத் தெரியும். ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் எஃப் 8 வைத்தால், ஷட்டர் நான்கிலிருந்து எட்டு விநாடி வரை திறந்திருக்க வேண்டிய நேரம் அது. வைட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த நீலத்தையே குறையென்று எண்ணித் திருத்தப் பார்க்கும். சுமார் 4000 கெல்வினில் நிறுத்தி வைப்பது நல்லது.

ஆனால் ஜன்னலில் விளக்கு எரிந்தால்தானே இதெல்லாம்? இங்கேதான் மாதம் முக்கியமாகிறது. சியாட்டிலில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி தாண்டிவிடும். நீல வேளை வருவதற்குள் அலுவலகங்கள் காலியாகி, கோபுரங்களில் பாதி இருட்டு. டிசம்பரிலோ மாலை 4.20-க்கே பொழுது சாய்ந்துவிடும். நீலம் கவியும்போது எல்லோரும் இன்னும் வேலையில் இருப்பார்கள், மாடிக்கு மாடி விளக்கு எரியும். அதே டிசம்பரில் ஞாயிற்றுக்கிழமை போனால் பலன் இல்லை.

நீண்ட லென்ஸ் தொலைவைப் பெரிதாக்குவது போலவே சிறு பிழையையும் பெரிதாக்கிக் காட்டும். படம் மங்கினால் காரணத்தை விளக்குப் புள்ளிகளே சொல்லிவிடும். படம் முழுக்க எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. காற்று ஓயும்வரை பொறுத்து, பட்டனைக் கையால் அழுத்தாமல் டைமரில் எடுக்க வேண்டும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பை ட்ரைபாடில் வைக்கும்போது அணைத்துவிடுவது பொதுவாகப் பாதுகாப்பு. புள்ளிகள் உருண்டை வட்டங்களாக விரிந்திருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. திரையில் பெரிதாக்கிக்கொண்டு, ஒரு ஜன்னல் சட்டத்தின் விளிம்பைப் பார்த்துக் கையால் திருப்பிச் சரிசெய்யலாம். அருகில் இருப்பவை கூர்மையாக இருக்க, தூரம் போகப் போகக் குழைந்துகொண்டே போனால் குற்றவாளி நடுவே இருக்கும் காற்று. பகலில் சூடேறிய கூரைகளிலிருந்தும் சாலைகளிலிருந்தும் எழும் அனல் அது. எந்த விலை லென்ஸும் அதற்கு மருந்தல்ல. வேறொரு குளிர்ந்த நாளில் வருவதுதான் வழி.

மலை வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ரெய்னியர் பெரும்பாலான நாட்கள் மேகத்துக்குள் மறைந்தே கிடக்கும். 'மலை வெளியே வந்திருக்கிறது' என்று அந்த ஊர்க்காரர்கள் ஒரு செய்தியாகவே சொல்லிக்கொள்வார்கள். அப்படி வந்த நாளிலும் அதன் பனியில் நிறம் ஏறுவது சூரியன் மறையும் தறுவாயில். ஜன்னல்கள் சமநிலைக்கு வர அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஆகும். அதற்குள் மலை வெறும் மங்கிய கோடாகிவிடும். ட்ரைபாடை அசைக்காமல் இரண்டு நேரத்திலும் எடுத்து, பிறகு கணினியில் இணைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே படத்தில் வேண்டும் என்பவர் மலையா, ஜன்னலா என்பதைப் பூங்காவுக்குக் கிளம்புமுன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.