வா என்றார்கள், இப்போது வரவேண்டாம் என்கிறார்கள்!
பயிற்சிக்கு அழைத்த கம்பெனி கடைசி நேரத்தில் கைவிரித்தால் என்ன செய்வது?

பெட்டி கட்டியாகிவிட்டது. ரெயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சென்னையில் பெண்கள் விடுதிக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. இன்னும் 11 நாளில் வேலைப் பயிற்சியில் சேரவேண்டும். அந்த நேரத்தில் கம்பெனியிடம் இருந்து ஒரு மெயில் வருகிறது.

"தவிர்க்க முடியாத காரணங்களால் தங்களுக்கு வழங்கிய பயிற்சி வாய்ப்பை வாபஸ் பெறுகிறோம். வருந்துகிறோம்."

இரண்டே வரி! ஒரு குடும்பத்தின் ஆறு மாதத் திட்டம் அதோடு சரிந்தது.

'இன்டர்ன்ஷிப்' என்று சொல்லும் இந்தப் பயிற்சி, என்ஜினீயரிங் கல்லூரிகளில் கடைசி ஆண்டு படிப்போருக்கு மிக முக்கியமானது. கம்பெனியில் வேலை கற்றுக்கொண்டே பாடத்துக்கான 'புராஜெக்ட்'டையும் அங்கேயே முடிக்கலாம். மாதந்தோறும் கொஞ்சம் பணமும் கிடைக்கும். அது திடீரென்று ரத்தானால் போவது பணம் மட்டும் அல்ல, படிப்பும் பாதிக்கப்படலாம்.

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் ஒருவரின் மகளை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் என்ஜினீயரிங் கடைசி ஆண்டு மாணவி. 5 மாதப் பயிற்சி, மாதம் ரூ.15,000. ஜனவரி 6-ந்தேதி சேரவேண்டும். டிசம்பர் 26-ந்தேதி மெயில் வந்துவிட்டது.

"என்னம்மா, எல்லாம் போச்சா?" என்று கேட்கிறார் தகப்பனார்.

எல்லாம் போய்விடவில்லை. ஆனால் அடுத்த இரண்டு நாட்களில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே மிச்சம் இருக்கிறது.

முதலில் மெயிலைப் படியுங்கள்

செய்தி உண்மையா என்று பார்க்க வேண்டும். முன்பு ஆபர் லெட்டர் எந்த முகவரியில் இருந்து வந்ததோ, அதே முகவரியில் இருந்துதான் இதுவும் வந்திருக்கிறதா? கம்பெனியின் அலுவலக எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். "இடம் ரத்தாகிவிட்டது, பணம் கட்டினால் திரும்பத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், அவர் மோசடிக்காரர். ஒரு பைசாவும் கொடுக்கக்கூடாது.

அடுத்து, எழுதியிருக்கும் சொல்லைக் கவனிக்க வேண்டும். 'வாபஸ்' என்றால் முடிந்தது. 'ஒத்திவைப்பு' என்றால் அதில் ஆபத்து இருக்கிறது. தேதி குறிப்பிடாத ஒத்திவைப்பை நம்பிக் காத்திருந்து, ஜனவரி, பிப்ரவரி இரண்டையும் இழந்தவர்கள் உண்டு. "எந்தத் தேதியில் சேரவேண்டும்?" என்று எழுத்தில் கேளுங்கள். ஐந்து நாளில் தேதி வராவிட்டால், கையை விட்டுப் போனதாகவே எண்ணி வேறு இடம் தேடத் தொடங்குங்கள்.

இந்த ஒரு வரியை மட்டும் எழுதாதீர்கள்!

சில கம்பெனிகளில் ஆள் எடுக்கும் அதிகாரி போனில் நயமாகப் பேசுவார். "நீங்களே விலகிக்கொள்வதாக ஒரு மெயில் போட்டுவிடுங்கள், தங்கச்சி. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்பார்.

எங்களுக்கும் நல்லது என்பது மட்டும்தான் உண்மை. அப்படி எழுதிக்கொடுத்தால், வாய்ப்பை உதறியவர் மாணவி என்று ஆகிவிடும். கிடைத்த வாய்ப்பைத் தாமாக உதறும் மாணவர்களை, அதற்குமேல் எந்த நேர்முகத் தேர்வுக்கும் அனுப்பக்கூடாது என்று பல கல்லூரிகளில் விதி இருக்கிறது. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை கிடைக்கும்! நஷ்டஈடு கேட்கும் வழியும் அடைபட்டுவிடும்.

போனில் பேசியது எதுவும் நாளைக்கு நிற்காது. அன்றைக்கே பதில் மெயில் போட வேண்டும். கோபம் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் அதன் பொருள் இப்படி இருக்கட்டும்:

"தங்கள் 26-ந்தேதி மெயில் கிடைத்தது. தங்கள் ஆபர் லெட்டரை ஏற்று நான் பதில் அனுப்பியிருக்கிறேன். அதை நம்பி விடுதிக்கும் பயணத்துக்கும் செலவு செய்திருக்கிறேன். வேறு பிரிவிலோ, பிந்திய தேதியிலோ எனக்கு இடம் தர இயலுமா? இயலாவிட்டால், கம்பெனியின் காரணத்தாலேயே இந்த வாய்ப்பு ரத்தானது, மாணவியின் தவறு ஏதும் இல்லை என்று ஒரு கடிதம் தரவேண்டுகிறேன். திரும்பப் பெற முடியாத என் செலவுகளின் கணக்கை ரசீதுகளுடன் அனுப்புகிறேன். வரும் 31-ந்தேதிக்குள் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் மிகவும் மதிப்புள்ளது அந்தக் கடிதம்தான். அதைக் கொடுப்பதில் கம்பெனிக்குச் செலவு இல்லை. ஆகவே பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். அடுத்த இடத்தில், "ஏன் அங்கே சேரவில்லை?" என்ற கேள்விக்கு அதுவே பதில். அசல் சான்றிதழ்களைக் கம்பெனி வாங்கி வைத்திருந்தால், அவற்றைத் திருப்பிக் கேட்டும் இதே மெயிலில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

கல்லூரிக்கு ஓடுங்கள்

மெயில் போன கையோடு கல்லூரியில் இரண்டு பேரைப் பார்க்க வேண்டும். கம்பெனிகளைக் கல்லூரிக்கு அழைத்துவரும் பிளேஸ்மெண்ட் அதிகாரி ஒருவர். துறைத் தலைவர் மற்றொருவர்.

பிளேஸ்மெண்ட் அதிகாரியிடம் ஏன் போகவேண்டும்? பல கல்லூரிகளில் 'ஒருவருக்கு ஓர் இடம்' என்பது வழக்கம். ஓர் இடம் கிடைத்ததும் அந்த மாணவியின் பெயரைப் பட்டியலில் இருந்து அடித்துவிடுவார்கள். இடம் பறிபோனால் பெயர் தானாகத் திரும்ப ஏறாது! வாபஸ் மெயிலின் நகலை இணைத்து, "என் பெயரை மீண்டும் சேர்க்க வேண்டும்" என்று எழுதிக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் இருந்துவிட்டு, அடுத்த மாதம் வந்த கம்பெனிக்கு எழுத முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு பலனும் உண்டு. ஒரு மாணவி எழுதினால் கம்பெனி சும்மா இருக்கலாம். கல்லூரி எழுதினால் அப்படி இருப்பது கடினம். அடுத்த ஆண்டும் ஆள் எடுக்க அவர்கள் அதே கல்லூரிக்கு வரவேண்டுமே!

துறைத் தலைவரைப் பார்ப்பது படிப்பைக் காப்பாற்ற. பயிற்சிக்குப் போவதாக அனுமதி வாங்கிய மாணவிக்குக் கல்லூரியில் புராஜெக்ட் தலைப்பும் இருக்காது. வழிகாட்டும் ஆசிரியரும் இருக்கமாட்டார். உடனே ஒரு தலைப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். வேறு கம்பெனியில் இடம் கிடைத்தால் அங்கே மாற்றிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டாலும் பரீட்சை நிற்காது. வருகைப் பதிவும் விட்டுப்போகாது.

செலவுக் கணக்கு

நெசவாளி மகள் மறுநாள் காலையிலேயே விடுதிக்காரம்மாவுக்குப் போன் செய்தாள். அவள் கட்டியிருந்தது முன்பணம் ரூ.8,000, முதல் மாத வாடகை ரூ.6,500, ஆக ரூ.14,500. இன்னும் குடிவரவில்லை, வேறு ஆளைச் சேர்க்க 10 நாள் இருக்கிறது என்பதால், ரூ.4,000 பிடித்துக்கொண்டு ரூ.10,500 திருப்பிக் கொடுத்தார். ஜனவரி 5-ந்தேதி கூப்பிட்டிருந்தால் இந்தத் தொகை வந்திருக்காது. ரெயில் டிக்கெட்டும் அப்படித்தான். எவ்வளவு முன்னதாக ரத்து செய்கிறோமோ, அவ்வளவு குறைவாகப் பிடிப்பார்கள். இரண்டு டிக்கெட்டுக்கு ரூ.240 போயிற்று. கம்பெனி கேட்ட மருத்துவச் சான்றிதழுக்கு ரூ.600.

மொத்த நஷ்டம் ரூ.4,840. இதுதான் கம்பெனியிடம் கேட்க வேண்டிய தொகை. புதிதாக வாங்கிய லேப்டாப்பை இதில் சேர்க்கக்கூடாது. அது வீட்டிலேயே இருக்கிறதே! கூட்டிக் கேட்டால் முழுக் கணக்கின் மீதும் சந்தேகம் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி சேர்த்தே ஆகவேண்டும் என்று கோர்ட்டு பொதுவாக உத்தரவு போடாது. ஒருவரைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும்படி இன்னொருவரைக் கட்டாயப்படுத்துவது சட்டத்தின் வழக்கம் அல்ல.

நஷ்டஈடு கேட்க இடம் உண்டு. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, அழைப்பை மற்றவர் ஏற்பதற்கு முன்பு திரும்பப் பெறலாம். ஏற்றுப் பதில் அனுப்பியபின் அது ஒப்பந்தம். முறித்தால், அதனால் நேரடியாக வந்த நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்கிறது 73-வது பிரிவு. நஷ்டத்தைக் குறைக்க நாம் என்ன முயற்சி செய்தோம் என்பதும் பார்க்கப்படும். விடுதிக்கு உடனே போன் செய்ததன் அருமை இங்கே தெரியும். ஆபர் லெட்டரை ஏற்று அனுப்பிய மெயிலைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியதும் இதனால்தான்.

ஆனால் ஆபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். "எந்த நேரத்திலும், முன்னறிவிப்பு இன்றி, கம்பெனி இதை ரத்து செய்யலாம்" என்று பொடி எழுத்தில் இருக்கக்கூடும். இருந்தால் வழக்கின் பலம் குறைந்துவிடும். ஐந்து மாதப் பணம் ரூ.75,000-ஐ முழுதாக வாங்குவது அரிது. ரூ.4,840-க்காகக் கோர்ட்டுக்குப் போனால் அதைவிட அதிகம் செலவாகும். படிக்கும் மாணவி பொதுவாகத் தொழிலாளி என்ற கணக்கில் வரமாட்டாள் என்பதால், தொழிலாளர் அலுவலகமும் இதை எடுத்துக்கொள்வது அரிது. 'அப்ரண்டிஸ்' என்று 1961-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவான ஒப்பந்தம் இருந்தால் மட்டும் வழி வேறு. அதற்கென்று அதிகாரிகள் இருக்கிறார்கள்.

கம்பெனி பதிலே போடாவிட்டால், மாவட்டக் கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, மலைவாழ் மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்றாலும் அங்கே வக்கீல் உதவி இலவசம். வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசி முடிக்கவும் அங்கே வழி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

அடுத்த கதவு

தேடும்போது புதிய இடங்களுக்கு முன், பழைய இடங்களைத் தட்டவேண்டும். முன்பு நேர்முகத்தில் கடைசிச் சுற்று வரை வந்த கம்பெனி எது? அங்கே உங்களைத் தெரியும். மறுபடி பரீட்சை வைக்கத் தேவை இல்லை. அடுத்து, முதலாளியே முடிவு செய்யும் சிறிய கம்பெனிகள். பெரிய கம்பெனியில் ஆறு வாரம் ஆகும் காரியம், அங்கே ஒரே நாளில் முடியலாம். கம்பெனி கொடுத்த கடிதத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

நெசவாளி மகளுக்குக் கடிதம் 30-ந்தேதி வந்தது. சேர்வதற்கு இடம் இல்லை என்றார்கள், ரூ.4,840-ஐக் கொடுத்தார்கள். கடிதத்துடன் அவள் ஒன்பது இடங்களுக்கு எழுதினாள். திருநெல்வேலியில் 20 பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனி, பிப்ரவரி 3-ந்தேதி வரச்சொன்னது. மாதம் ரூ.7,000.

பாதிப் பணம்கூட இல்லைதான். ஆனால் கல்லூரியில் பதிவு செய்த புராஜெக்ட் கையில் இருந்தது. பரீட்சைக்குத் தடை இல்லை. விடுதி வாடகையும் வேண்டாம். வீட்டில் இருந்தே பஸ்ஸில் போய்வரலாம்.

இந்த முறை அவள் ஆபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தாள். அதன் பிறகே கையெழுத்துப் போட்டாள்.