மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

ஊர் டிரான்ஸ்பார்மர் எரிந்து, புதிதாக ஒன்று வைத்துவிட்டுப் போகிறார்கள். கரண்ட் வந்ததும் ஸ்டார்ட்டரை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது. குழாயில் தண்ணீர் மட்டும் நூலாக வருகிறது. போர் வற்றிவிட்டது என்று முடிவுகட்டி, ஆளும் வண்டியும் வைத்துப் பம்பை மேலே இழுப்பார்கள். அதற்கு முன்பு பேஸ் வரிசையைப் பார்த்துவிட வேண்டும்.

மும்முனை மின்சாரத்தில் மூன்று பேஸும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்தைத் தொடுகின்றன. அந்த வரிசைதான் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றும் என்பதைத் தீர்மானிக்கிறது. வேலையின்போது ஏதோ இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருந்தால், அந்த லைனில் உள்ள எல்லா மோட்டாரும் தலைகீழாகச் சுற்றும்.

தலைகீழாகச் சுற்றும் பம்பு தண்ணீரைக் கீழே தள்ளாது. இம்பெல்லர் எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீரை வெளிப்புறமாகத்தான் வீசும். ஆனால் அதன் இலைகள் ஒரு திசைக்காக வளைக்கப்பட்டவை. எதிர்த்திசையில் அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். 90 மீட்டர் வரை ஏற்றக்கூடிய பம்பு, தலைகீழாக 50 மீட்டர்தான் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் 30 மீட்டரில் இருந்தால் கொஞ்சம் தண்ணீர் வரும். 60 மீட்டரில் இருந்தால் ஒரு சொட்டும் வராது. ஆபத்து இங்கேதான்: நீர்மூழ்கி மோட்டார் தன்னைக் கடந்து ஓடும் தண்ணீரால்தான் குளிர்கிறது. ஓட்டமே இல்லாவிட்டால் சூடேறி, காயில் எரிந்துபோகும்.

தரைக்கு மேலே உள்ள மோட்டாரில் விசிறி சுற்றுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். போருக்குள் இருப்பதைப் பார்க்க முடியாது. அங்கேதான் பேஸ் வரிசை மீட்டர் உதவும். அதில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கிளிப்புகள். மெயினை அணைத்து, அவற்றை ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் வரும் பக்கத்தில் R, Y, B வரிசையில் மாட்டி, பிறகு மெயினைப் போட வேண்டும். தட்டு அம்புக்குறிப் பக்கம் சுற்றினால் வரிசை நேர். எதிர்ப்பக்கம் சுற்றினால் தலைகீழ். 400 வோல்ட்டுக்கு மேல் உள்ள இடம் என்பதால், பழகிய எலக்ட்ரீஷியன்தான் இதைச் செய்ய வேண்டும்.

தலைகீழாக இருந்தால், மெயினை அணைத்து ஏதாவது இரண்டு ஒயர்களை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றையும் ஒரு சுற்று நகர்த்தினால் வரிசை அப்படியேதான் இருக்கும். சில ஸ்டார்ட்டர்களில் உள்ள பிரிவென்டர், வரிசை மாறினால் மோட்டாரை எடுக்கவே விடாது. அதைக் கோளாறு என்று நினைத்துக் கழற்றிவிட்டு நேரடியாக ஓட்டுவது மோட்டாரைக் கொல்கிற வேலை.

மீட்டர் சொல்வது மின்சாரத்தின் வரிசையை மட்டுமே. கீழே கேபிள் இணைப்பில் நிறம் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது. ஆகவே இரண்டு விதமாகவும் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்து, எதில் தண்ணீர் அதிகமோ அதை வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது மீட்டர் எந்தப் பக்கம் சுற்றியது என்பதை ஸ்டார்ட்டர் கதவின் உட்புறம் எழுதிவைத்தால், அடுத்த முறை லைனில் வேலை நடந்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு வரி போதும்.